பிஜியில் 11 மாதம்: சாப்பாடு, கேட் நேரம், பாதுகாப்பு, அட்வான்ஸ் திரும்பி வந்த விதம்

காவிரிக்கரை_பெண்

தாம்பரம் பக்கம் ஒரு பெண்கள் பிஜியில் ஜூலை 1 முதல் மே 31 வரை இருந்தேன். மூன்று பேர் அறை, சாப்பாட்டோடு மாதம் 8,500 ரூபாய், அட்வான்ஸ் 17,000. பெயரை எழுதப்போவதில்லை. அடுத்த மாதம் கல்லூரி சேரும் பிள்ளைகள் இடம் தேடும் நேரம் இது. சேரும்போது எனக்குத் தெரியாமல் போனதை எழுதுகிறேன்.

முதலில் சாப்பாடு. நாங்கள் பார்க்கப் போனது ஒரு ஞாயிறு மதியம். அன்றைக்குச் சிக்கன், அப்பளம், பாயசம் எல்லாம் இருந்தது. அம்மாவுக்குத் திருப்தி. சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, வாரத்தில் நல்ல சாப்பாடு அந்த ஒரு வேளைதான். மற்ற நாளில் பிரச்சினை ருசி அல்ல, நேரம். காலை 7 மணிக்குச் சாப்பிடுபவர்களுக்குக் கெட்டியான சாம்பார், 8.15க்கு வருபவர்களுக்கு அதே பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றிய சாம்பார். மதியத்துக்கு டப்பாவில் கட்டுவது காலை 6.30க்கே நடந்துவிடும். தயிர்சாதம் கட்டினால் 1 மணிக்குள் புளித்துவிடும். பொங்கலுக்கு 9 நாள் ஊரில் இருந்தேன், சாப்பாட்டுக்கு ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. கேட்டால், ‘படிவத்தில் அப்படித்தான்’ என்றார்கள். படிவத்தைப் பார்த்தேன், அப்படி ஒன்றும் இல்லை, குறைப்போம் என்றும் இல்லை.

கேட் நேரம் இரவு 9. ஐந்து நிமிடம் தாமதமானாலும் வீட்டுக்குப் போன் போகும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். விடியற்காலை நேரம்தான் என்னை வாட்டியது. கும்பகோணத்திலிருந்து வரும் ரயில் தாம்பரத்தில் இறக்கிவிடும்போது மணி 4 கூட ஆகியிருக்காது. கேட் திறப்பது 6க்கு. என் பாதுகாப்புக்காக என்று சொல்லப்பட்ட விதியால், பெட்டியோடு இரண்டு மணிநேரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்படி நான்கு முறை.

பாதுகாப்பில் ஒன்று நன்றாக இருந்தது: வாசலில் கேமரா, வருபவர்களின் பெயர் எழுதும் நோட்டு, உள்ளேயே தங்கும் வார்டன் அக்கா. ஒன்று பயமாக இருந்தது: இரவு 10க்கு மாடிப்படியின் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை வார்டன் தன் அறையில் வைத்துக்கொள்வார். நாங்கள் இரண்டாவது மாடி, அவர் தரைத்தளம். மொட்டைமாடிக் கதவும் பூட்டு. நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டேன். ‘கத்தினால் கேட்கும்’ என்றார்.

அப்புறம் அட்வான்ஸ். படிவத்தில் மூன்று வரிதான்: காலி செய்ய 30 நாள் முன்னறிவிப்பு, பராமரிப்புக்கு 2,000 பிடிக்கப்படும், பொருள் சேதத்துக்குத் தனி. மே 4 அன்று முதலாளிக்கே வாட்ஸப்பில் ‘மே 31 காலி செய்கிறேன்’ என்று அனுப்பினேன். ‘ஓகே மா’ என்று பதிலும் வந்தது. காலி செய்த அன்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டு இது:

ஜூன் மாத வாடகை 8,500. பராமரிப்பு 3,000. சுவருக்குப் பெயின்ட் 1,000. மின்சாரம் 650. மொத்தம் 13,150 போக மீதி 3,850.

ஜூன் வாடகை ஏன் என்றால், முன்னறிவிப்பை மாதம் 1ஆம் தேதிக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். படிவத்தில் 1ஆம் தேதி என்ற பேச்சே இல்லை. அந்த 3,850ஐ வாங்கிக்கொண்டேன், ஆனால் ‘கணக்கு முடிந்தது’ என்ற இடத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஊருக்கு வந்து ஒரு கடிதம் எழுதினேன். மே 4லிருந்து 30 நாள் என்றால் ஜூன் 3 வரை, அதனால் 3 நாள் வாடகை 850 நான் தர வேண்டியது. பராமரிப்பு 2,000 தர வேண்டியது. மின்சாரம் 650 ஒப்புக்கொள்கிறேன். ஆகவே 13,500 வர வேண்டும், 3,850 போக பாக்கி 9,650. படிவத்தின் போட்டோ, வாட்ஸப் செய்தி, அறையைக் காலி செய்யும்போது எடுத்த வீடியோ மூன்றையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 19ஆவது நாள் 8,650 வந்தது. பெயின்ட் 1,000ஐ மட்டும் விடவில்லை.

அந்த ஆயிரத்துக்கு மேலே போகலாமா, விட்டுவிடலாமா? சுவரில் நான் ஒட்டியது ஒரு கால அட்டவணை மட்டும்.

---

சட்டம்_தெரிஞ்சவன்

விடவே கூடாது. 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, காலி செய்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. வாடகை நீதிமன்றத்தில் மனு போடுங்கள்.

---

முன்னாள்_வார்டன்

14 வருடம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சொல்லும் சட்டம் இருப்பது உண்மை. ஆனால் அது வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் உள்ள எழுத்து ஒப்பந்தத்தைச் சுற்றி எழுதப்பட்டது. பிஜியில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு கட்டில், சாப்பாடு, துப்புரவு. அறை உங்கள் வசம் கிடையாது, நாளைக்கே வேறு அறைக்கு மாற்றுவார்கள். அங்கே போனால் ‘இவர் வாடகைதாரரே இல்லை’ என்றுதான் முதல் வாதம் வரும், அதிலேயே மாதங்கள் போகும். காசு வாங்கிக்கொண்டு சேவை தருகிறவர் என்ற கணக்கில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதுதான் நேரான வழி. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, புகார் கொடுப்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். பிஜி சென்னையில் இருந்தாலும் பாப்பா தன் சொந்த மாவட்டத்தில் போடலாம், e-Jagriti தளத்தில் வீட்டிலிருந்தும் போடலாம். 5 லட்சம் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்தால் சில முதலாளிகள் அங்கேயே முடித்துக்கொள்வார்கள்.

பாப்பா, கையெழுத்துப் போடாமல் வந்தீர்கள் பாருங்கள், அதுதான் மீதிப் பணத்தைக் கொண்டுவந்தது. எங்கள் விடுதியில் அந்தக் கையெழுத்து வாங்குவது என் வேலை. பெண்கள் பெட்டியோடு ஆட்டோ வாசலில் நிற்கும்போது நீட்டுவோம், படிக்காமல் போடுவார்கள். பிறகு யார் கேட்டாலும் முதலாளி அந்தக் காகிதத்தைத்தான் எடுப்பார். நான் செய்தது சரியில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

பூட்டிய படிக்கதவைப் பற்றி எழுதியதுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலை ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்ததில் இரண்டு ஆசிரியைகள் இறந்தார்கள். அந்த நேரத்தில் எல்லாரும் தூக்கத்தில் இருப்பார்கள். தீயைவிட முதலில் வருவது புகை. புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறும், இரண்டாவது மாடிக்காரர்கள் இறங்க முடியாது, மொட்டைமாடிக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் பூட்டு என்றால் யோசித்துப் பாருங்கள். திருடன் வராமல் பூட்டுவது தவறில்லை, உள்ளிருப்பவர்கள் சாவி இல்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் இருந்தால். இடம் பார்க்கப் போகிறவர்கள் இரவு 10க்கு மேல் அந்தக் கதவு எப்படி இருக்கும் என்று, முதலாளியிடம் இல்லை, அங்கே இருக்கும் பெண்களிடம் கேளுங்கள்.

---

ராமாபுரம்_அம்மா

என் மகளுக்கு அடுத்த மாதம் இடம் பார்க்க வேண்டும். ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். 9 மணிக்குக் கேட் மூடுவதும் வீட்டுக்குப் போன் செய்வதும் எங்களுக்கு நிம்மதிதானே? அதை ஏன் குறையாகச் சொல்கிறீர்கள்?

---

காவிரிக்கரை_பெண்

அம்மா, போன் செய்வதைக் குறை சொல்லவில்லை. என் அம்மாவுக்கும் அது பிடித்திருந்தது. 9.10க்கு வந்தவளை உள்ளே விட்டுவிட்டுப் போன் செய்தால் சரி. எங்கள் பிஜியில் முதலில் போன், வீட்டில் எடுத்தால்தான் கேட். ஒரு நாள் என் அறைத்தோழியின் அப்பா தூங்கிவிட்டார். அவள் 40 நிமிடம் தெருவில் நின்றாள். நூலகத்திலிருந்து வந்தவள். மகளுக்குப் பார்க்கும்போது ‘தாமதமானால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்காமல், ‘தாமதமாக வந்தவள் எங்கே நிற்பாள்’ என்று கேட்டுப் பாருங்கள்.

---

12_கட்டில்

நான் சின்ன பிஜி நடத்துகிறேன், 12 கட்டில், ஆண்கள். முதலாளிகள் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

அந்த முதலாளி செய்தது தவறு. படிவத்தில் இல்லாத விதியைக் கடைசி நாளில் சொல்லக் கூடாது. ஆனால் முன்னறிவிப்பு ஏன் கேட்கிறோம் என்று புரிந்துகொள்ளுங்கள். மே மாதம் ஒரு கட்டில் காலியானால் ஜூலை வரை ஆள் வராது. சமையல் அம்மாவுக்குச் சம்பளம் 12 பேருக்கும் 8 பேருக்கும் ஒன்றுதான். பொங்கலுக்கு 9 நாள் சாப்பிடவில்லை என்றால் மிச்சமாவது அரிசியும் காய்கறியும்தான், கேஸும் ஆளும் மிச்சமாவதில்லை. யாராவது தொடர்ந்து 5 நாளுக்கு மேல் ஊருக்குப் போனால் நான் ஒரு நாளுக்கு 60 ரூபாய் குறைக்கிறேன், முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் கட்டுப்படியாகாது.

பெயின்ட் விஷயத்தில் எனக்கு நீங்கள் சொல்வதில் முழு உடன்பாடு இல்லை. டேப் ஒட்டி எடுத்தால் சுவரில் பெயின்ட் உரிந்து வரும். அந்த இடத்தை மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும், முழுச் சுவரும் அடிக்க வேண்டும்.

---

முன்னாள்_வார்டன்

சரி, ஆனால் பராமரிப்பு 2,000 என்று பிடிப்பதே அதற்குத்தானே? ஒருவர் 11 மாதம் இருந்த அறை, அடுத்தவர் வரும்முன் பெயின்ட் அடிப்பீர்கள், டேப் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும். அந்த ஒரு செலவுக்கு இரண்டு பெயர் வைத்து வாங்குகிறார்கள். மூன்று பேர் அறை வேறு. மற்ற இருவரிடமும் ஆயிரம் ஆயிரம் வாங்கினாரா என்று கேளுங்கள், வாங்கியிருப்பார்.

---

12_கட்டில்

நான் பராமரிப்பில் பெயின்டைச் சேர்த்ததில்லை. அது பாத்ரூம் குழாய், மோட்டார், மெத்தை உறைக்கு. ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி வைத்திருக்கிறார்கள்.

---

புதுப்பையன்_18

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் பசங்க பிஜியில் சேரப்போகிறேன். அங்கே அட்வான்ஸ் ஐயாயிரம்தான், ஆனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அசலைக் கேட்கிறார்கள், காலி செய்யும்போது தருவார்களாம். அட்வான்ஸ் குறைவு என்பதால் இது நல்ல பிஜி என்று எடுத்துக்கொள்ளலாமா? பெண்கள் விடுதிக்கு என்று ஒரு தனிச் சட்டம் இருக்கிறதாமே, அது எங்களுக்கும் உண்டா?

---

முன்னாள்_வார்டன்

அசலைக் கொடுக்காதே தம்பி. 5,000 அட்வான்ஸ் அசல் சான்றிதழோடு சேர்ந்தால், 50,000 அட்வான்ஸைவிட இறுக்கமான பிடி. காலி செய்யும் நாளில் அவர் கேட்கும் எந்தத் தொகையையும் கொடுத்துவிட்டுத்தான் சான்றிதழை வாங்குவாய். ஆதார் நகல், கல்லூரி அடையாள அட்டை நகல், இரண்டு போட்டோ போதும். நகலில் ‘பிஜி சேர்க்கைக்கு மட்டும்’ என்று எழுதித் தேதி போட்டுக் கொடு.

நீ சொல்லும் சட்டம் 2014இல் வந்தது, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான விடுதிகளுக்கு. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்பது அதில் முக்கியம். 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ரகசிய கேமரா கண்டுபிடிக்கப்பட்டு நடத்தியவர் கைதானார். அதற்குப் பிறகுதான் சென்னையில் உரிமம் கேட்பது சூடுபிடித்தது. நீ பெரியவன், ஆண்கள் பிஜி, அந்தச் சட்டம் உன்னைத் தொடாது. ஆனால் சாப்பாடு போடுகிற இடத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் உண்டு. சமையலறைச் சுவரில் மாட்டியிருப்பார்கள், பார்.

---

சட்டம்_தெரிஞ்சவன்

வாடகைச் சட்டம் பற்றி வார்டன் அம்மா சொன்னதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டேன். நுகர்வோர் ஆணையம் எளிது என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் ஒன்று: ‘அளவுக்கு மீறிய அட்வான்ஸ்’ நியாயமற்ற ஒப்பந்தம் என்று 2019 சட்டத்தில் இருக்கிறதே, அதை வைத்துப் போடலாம் என்று நினைத்தேன். அந்த வகைப் புகார் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டுமாம், மாவட்டத்தில் எடுக்க மாட்டார்களாம். இங்கே 1,000 ரூபாய்ப் பிடித்தம் மட்டும்தான், சேவைக் குறைபாடு என்று எழுதினால் மாவட்டமே போதும்.

என் சொந்த யோசனை வேறு. கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது. நான் அப்படித்தான் வந்தேன்.

---

12_கட்டில்

இதனால்தான் நாங்கள் அட்வான்ஸை ஏற்றுகிறோம். ஒருவர் அப்படிப் போனால் அடுத்து வரும் பையன் மூன்று மாதம் கட்டுகிறான்.

---

காவிரிக்கரை_பெண்

எனக்கும் அந்த யோசனையைச் சிலர் சொன்னார்கள். எங்கள் பிஜியில் 10ஆம் தேதிக்குள் வாடகை வரவில்லை என்றால் சாப்பாட்டு டோக்கனை நிறுத்துவார்கள். பரீட்சை மாதத்தில் அந்தச் சண்டையை என்னால் போட முடியாது. பசங்க பிஜியில் நடக்கலாம், எங்களுக்கு வீட்டுக்கும் போன் போகும்.

மற்ற இரண்டு அறைத்தோழிகளிடமும் கேட்டுவிட்டேன். வார்டன் அம்மா சொன்னது சரி. இருவரிடமும் ஆயிரம் ஆயிரம் வாங்கியிருக்கிறார். ஒருத்தி காலி செய்தது எனக்கு ஒரு மாதம் முன்பு. அவள் போன பிறகும் அந்தச் சுவரில் பெயின்ட் அடிக்கவில்லை, அது மே 31 எடுத்த என் வீடியோவில் இருக்கிறது. மூவரும் சேர்ந்து 1915க்குப் பேசப்போகிறோம். அதில் வரவில்லை என்றால் ஆணையத்துக்குப் போவதா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஒருத்தி இன்னும் அதே கல்லூரியில், அந்தத் தெருவிலேயே வேறு பிஜியில் இருக்கிறாள், அவளுக்குத் தயக்கம்.

---

ராமாபுரம்_அம்மா

இங்கே படித்ததை வைத்து நேற்று இரவு 8.30க்குச் சொல்லாமல் ஒரு பிஜிக்குப் போனேன். இரவுச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. சப்பாத்தி, குருமா. கழுவும் இடத்து வாளியைப் பார்த்தேன், பாதிக்குப் பாதி குருமா கொட்டிக் கிடந்தது, சப்பாத்தி ஒன்றும் இல்லை. அங்கிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன், குருமாவில் காலைக் காய் வருகிறது, வாடை வருகிறது என்றாள்.

படிக்கதவில் உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறது, மொட்டைமாடிச் சாவி கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. அது பிடித்திருந்தது. ஆட்சியர் உரிமம் கேட்டேன், ‘விண்ணப்பித்திருக்கிறோம்’ என்று ஒரு ரசீதைக் காட்டினார்கள், தேதி போன வருடம். முன்னறிவிப்பு 30 நாள் என்று இருந்த வரியில் ‘செய்தி அனுப்பிய நாளிலிருந்து’ என்று பேனாவால் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னேன். முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் மேலாளர். இன்னும் போன் வரவில்லை. அட்வான்ஸ் கட்டவில்லை. சனிக்கிழமை காலை 8.15க்கு இன்னொன்றைப் பார்க்கப் போகிறேன்.